பழமொழிப் பாடத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாகச் சேர்ந்த ஆசிரியர் ஒருவரின் பழமொழி வகுப்பில் அண்மையில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். நான் ஒரு காலத்தில் செய்த தவறுகள் ஒவ்வொன்றாகக் கண்முன் வந்தன. எழுத்துப்பிழை, சந்திப்பிழைகளை விட்டுவிடுகிறேன்; திருத்தும்போது அவை தாமே கண்ணில் படும்.

ஆறுக்கு ஆறு

சூழலுக்கு ஏற்ற பழமொழியைப் பொருத்தும் பயிற்சியில் இரண்டும் சம எண்ணிக்கையில் இருந்தால் கடைசி விடையை யோசிக்காமலே பொருத்திவிடலாம். ஆறு சூழலுக்கு எட்டுப் பழமொழிகள் கொடுங்கள்.

ஒரு சூழலுக்கு இரண்டு விடை

‘தினமும் சிறிது நேரம் பயிற்சி செய்து வென்றாள்’ என்று எழுதினால் ‘சிறு துளி பெருவெள்ளம்’ பொருந்தும். ‘எறும்பு ஊரக் கல்லும் தேயும்’ என்பதும் பொருந்தும். முன்னது சேர்ந்து பெருகுவதைச் சொல்கிறது. பின்னது விடாமல் முயன்றால் கடினமானதும் இளகும் என்கிறது. என்ன சேர்கிறது அல்லது எது தடையாக நிற்கிறது என்பது சூழலிலேயே இருக்க வேண்டும்.

யார், யாரிடம் என்று கேட்காமல் விடுவது

இன்றும் என்னை எரிச்சலூட்டும் தவறு இதுதான். பழமொழியை வைத்து உரையாடல் எழுதச் சொன்னபோது ஒரு மாணவன் இப்படி எழுதியிருந்தான்:

பாட்டி: படம் அனுப்புவது எப்படி என்று மறுபடியும் காட்டுகிறாயா?
பேரன்: ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா, பாட்டி?

பொருள் சரியாக இருந்ததால் முழு மதிப்பெண் போட்டேன். அவன் அதை வீட்டில் தன் பாட்டியிடமே சொல்லிவிட்டான். அவர் இரண்டு நாள் பேரனிடம் பேசவில்லை. பெற்றோர் கூட்டத்தில் அவனுடைய அம்மா கேட்டார்: “இதற்கு நீங்கள் முழு மதிப்பெண் கொடுத்தீர்களாமே?” என்னிடம் பதில் இல்லை.

அந்தப் பழமொழி, பிள்ளையைத் திருத்தாமல் விடும் பெற்றோரிடம் பெரியவர்கள் சொல்வது. முதியவர் தன்னைப் பற்றியும் சொல்லிக்கொள்ளலாம். இளையவர் முதியவரைப் பார்த்துச் சொன்னால் அது ஏச்சு. பொருள் மட்டும் எழுதிய அட்டவணையில் இது தெரியாது. அடுத்த வகுப்பில் அந்த உரையாடலை அவனையே மாற்றி எழுத வைத்தேன்:

பாட்டி: ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா? எனக்கு அறுபத்தெட்டு ஆகிறது!
பேரன்: சித்திரமும் கைப்பழக்கம் என்று நீங்கள்தானே சொல்வீர்கள்? இன்னொரு முறை அனுப்பிப் பாருங்கள், பாட்டி.

‘என்றாளாம்’ என முடியும் பழமொழிகளில் கூடுதல் கவனம் வேண்டும். ‘ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்’ என்பது பெரும்பாலும் எதிரில் இல்லாதவரைப் பற்றிய பேச்சு. முகத்துக்கு நேரே சொன்னால் சண்டைதான். ஆகவே எழுதத் தொடங்கும் முன் மூன்று கேள்விகளுக்கு விடை எழுதச் சொல்கிறேன்: சொல்பவர் யார், கேட்பவர் யார், பேசப்படுபவர் அங்கே இருக்கிறாரா? உரையாடலுக்கு ஐந்து மதிப்பெண் என்றால் இரண்டு இதற்குத்தான்.

பழமொழிக்கு உரை எழுதுவது

உரையாடலில் பழமொழிக்கு அடுத்த வரி ‘அதாவது’ என்று தொடங்கினால் அடித்துவிடுங்கள்.

கூடம் கோணலுக்கு நடன வகுப்பைச் சூழலாகக் கொடுப்பது

வேண்டாம்; ‘ஆட’ என்ற சொல்லே விடையைக் காட்டிவிடும். அடுப்பைக் குறை சொல்லும் சமையற்காரரைக் கொடுங்கள்.