ஒரே ஏரி, இரண்டு யூடிஎம் மண்டலம்: எதைத் தேர்ந்தெடுப்பது, எப்படி ஒட்டுவது

கென்யாவின் வடக்கே இருக்கும் துர்கானா ஏரியின் கரையைச் சுற்றி எடுத்த ஜிபிஎஸ் புள்ளிகள் ஒரு சிஎஸ்வி கோப்பாக என் கைக்கு வந்தன. ஈஸ்டிங், நார்த்திங் என்று இரண்டு பத்திகள் மட்டும். க்யூஜிஐஎஸ்ஸில் ஏற்றி, `EPSG:32636` என்று கொடுத்தேன். மேற்குக் கரையோரத்துப் புள்ளிகள் கச்சிதமாக இடத்தில் உட்கார்ந்தன. மற்றவையெல்லாம் காங்கோவின் வடகிழக்கில் போய் விழுந்திருந்தன. `Set Layer CRS` போட்டு 32637 என்று மாற்றினேன். இப்போது அவை ஏரிக்கு வந்துவிட்டன. முதலில் சரியாக இருந்தவை சோமாலிய எல்லைப் பக்கம் ஓடிவிட்டன.

ஒரு மாலை முழுக்க இதில் போனது. உங்களுக்குப் போகக்கூடாது என்றுதான் இந்தப் பதிவு. லேயர் ஏற்றத் தெரியும், ப்ரொஜெக்ஷன் என்றால் என்னவென்று தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: மண்டல எண்ணைக் கண்டுபிடிப்பது

இது சுலபம். உலகம் மேற்கு 180 டிகிரியில் தொடங்கி ஆறு ஆறு டிகிரியாக 60 மண்டலமாக வெட்டப்பட்டிருக்கிறது. கிழக்குத் தீர்க்கரேகை நேர்க்குறி, மேற்கு எதிர்க்குறி. கணக்கு இவ்வளவுதான்:

```
zone = floor((lon + 180) / 6) + 1
```

ஏரியின் மேற்குக் கரை 35.9 என்று வைத்தால் 36 வருகிறது. நடு ஏரி 36.2 என்று வைத்தால் 37. அதாவது 36 டிகிரி தீர்க்கரேகை ஏரியின் மேற்கு ஓரத்தை வெட்டிக்கொண்டு போகிறது. ஏரி முழுக்க நிலநடுக்கோட்டுக்கு வடக்கே இருப்பதால் குறியீடு 326-இல் தொடங்கும்: 32636, 32637. தெற்கே என்றால் 327.

நார்வேயின் தென்மேற்கிலும் ஸ்வால்பார்ட் தீவுகளிலும் மண்டலங்களின் அகலத்தை மாற்றி வைத்திருக்கிறார்கள். அங்கே இந்தச் சூத்திரத்தை நம்பாதீர்கள்.

படி 2: எல்லைக்கோட்டில் உண்மையில் என்ன நடக்கிறது

நான் தடுக்கி விழுந்தது இங்கேதான். கொஞ்சம் நின்று பார்ப்போம்.

ஒவ்வொரு மண்டலத்துக்கும் நடுவில் ஒரு மையத் தீர்க்கரேகை. 36-க்கு அது 33 டிகிரி, 37-க்கு 39 டிகிரி. அந்த மையக்கோட்டின் ஈஸ்டிங் எப்போதும் 500,000 மீட்டர். கிழக்கே போனால் கூடும், மேற்கே போனால் குறையும். இப்போது 36 டிகிரி தீர்க்கரேகையில், 3.5 டிகிரி வடக்கில் ஒரு புள்ளியை எடுங்கள். 36-வது மண்டலத்துக்கு அது கிழக்குக் கடைசி. ஈஸ்டிங் சுமார் 833,360. 37-வது மண்டலத்துக்கு அதே புள்ளி மேற்குக் கடைசி. ஈஸ்டிங் சுமார் 166,640. நார்த்திங் இரண்டிலும் ஒன்றே, ஏறத்தாழ 387,400.

கையில் பிடிக்கும் ஜிபிஎஸ் கருவியை யூடிஎம்மில் வைத்திருந்தால், 36 டிகிரியைத் தாண்டிய நொடியில் அது சத்தமில்லாமல் அடுத்த மண்டலத்துக்கு மாறிவிடும். திரையில் மண்டல எண் காட்டும். ஆனால் என் கோப்பைத் தயாரித்தவர் அந்தப் பத்தியை விட்டுவிட்டார். மேற்குக் கரையோரத்தில் 36-இன் எண்கள், மீதியில் 37-இன் எண்கள், எல்லாம் ஒரே பத்தியில்.

இதை அடையாளம் காண ஒரு வழி இருக்கிறது. தப்பிப்போன புள்ளிகள் சரியாக ஆறு டிகிரி கிழக்கிலோ மேற்கிலோ, அதே அட்சரேகையில் நின்றால் மண்டலக் குழப்பம்தான், வேறு எதுவும் இல்லை. துர்கானா இருக்கும் அட்சரேகையில் ஆறு டிகிரி என்பது சுமார் 667 கிலோமீட்டர். நூறு இருநூறு மீட்டர் விலகல் என்றால் டேட்டம் பிரச்சினையைத் தேடுங்கள். அது வேறு கதை.

மண்டலப் பத்தி இல்லாமலேயே இதைப் பிரித்துவிடலாம். எல்லையை ஒட்டிய இடத்தில் மேற்கு மண்டலத்தின் எண்கள் எட்டு லட்சத்தை ஒட்டி இருக்கும், கிழக்கு மண்டலத்தின் எண்கள் இரண்டு லட்சத்தை ஒட்டி இருக்கும். நடுவில் எதுவுமே இருக்காது. அதனால் ஈஸ்டிங் 500,000-க்குக் கீழே இருப்பவை ஒரு லேயர், மேலே இருப்பவை இன்னொரு லேயர் என்று வடிகட்டுங்கள். முதலாவதுக்கு 32637, இரண்டாவதுக்கு 32636.

இந்த இடத்தில் `Set Layer CRS` சரியான கருவி. அது எண்களைத் தொடுவதில்லை. "இந்த எண்கள் இந்த மண்டலத்தைச் சேர்ந்தவை" என்று மட்டும் சொல்கிறது. எண்களையே மாற்றி எழுதுவது `Export` > `Save Features As…`. நான் அன்று முதலாவதை வைத்துக்கொண்டு இரண்டாவதன் வேலையைச் செய்யப் பார்த்தேன். இரண்டு லேயரும் இடத்தில் உட்கார்ந்த பிறகு `Merge vector layers` கருவியில் `Destination CRS` கொடுத்தால் அதுவே மாற்றி ஒட்டித் தந்துவிடும்.

படி 3: எந்த மண்டலத்தில் ஒட்டுவது

மண்டல எல்லை சுவர் இல்லை. 35.8 டிகிரியில் உள்ள இடத்தையும் 37-வது மண்டலத்திலேயே எழுதலாம், கணக்கு உடைந்துபோகாது. அளவுப் பிழை மட்டும் மெல்லக் கூடும். மையக்கோட்டில் யூடிஎம் வேண்டுமென்றே 0.9996 ஆகச் சுருக்கி வைத்திருக்கிறது. அங்கிருந்து விலக விலக விரிகிறது. துர்கானாவின் அட்சரேகையில், 36 டிகிரி எல்லையில் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 97 சென்டிமீட்டர் கூடுதலாகக் காட்டும். 35.8-க்குப் போனால் 1.16 மீட்டர். இருபது சென்டிமீட்டர்தான் வித்தியாசம். எல்லையைத் தாண்டியதற்குத் தண்டனை அவ்வளவே.

ஆகவே என் வழக்கம் இது: இடத்தின் பெரும்பகுதி எந்த மண்டலத்தில் இருக்கிறதோ அதை எடுத்துக்கொள்வேன். தாண்டுவது அரை டிகிரிக்குள் என்றால் யோசிக்கவே மாட்டேன். துர்கானாவுக்கு 37.

ஆனால் பரப்பளவு எடுக்கும்போது கவனம். ஏரி மொத்தமும் 37-இன் ஓரத்தில் கிடப்பதால் பரப்பளவு சராசரியாக 0.16 சதவீதம் வீங்கும். 6,400 சதுர கிலோமீட்டர் ஏரியில் அது சுமார் 10 சதுர கிலோமீட்டர். வரைபடம் போட இது பொருட்டே இல்லை. வருடத்துக்கு வருடம் ஏரி எவ்வளவு சுருங்கியது என்று எழுதப்போகிறீர்கள், அதிலும் ஒரு வருடக் கணக்கு வேறு ப்ரொஜெக்ஷனில் எடுத்தது என்றால், இல்லாத மாற்றத்தை இருப்பதாக எழுதிவிடுவீர்கள்.

க்யூஜிஐஎஸ்ஸில் இதற்கு ஒரு குறுக்கு வழி உண்டு. `area($geometry)` தட்டையான தாளில் அளக்கிறது, அந்த வீக்கத்தோடு. `$area` என்று போட்டால் `Project Properties`-இல் கொடுத்த எலிப்சாய்டின் மேல் அளக்கிறது. எந்த மண்டலம் என்ற கேள்வியே எழாது. பரப்பளவு மட்டும் போதும் என்றால் `$area` போட்டுவிட்டுப் போங்கள்.

தூரம், பஃபர், கட்டம் எல்லாம் துல்லியமாக வேண்டுமென்றால் ஏரிக்கென்றே ஒரு ப்ரொஜெக்ஷன் செய்துகொள்ளலாம். `Settings` > `Custom Projections…` போய் இதை ஒட்டுங்கள்:

```
+proj=tmerc +lat_0=0 +lon_0=36.3 +k=1 +x_0=50000 +y_0=0 +datum=WGS84 +units=m +no_defs
```

மையக்கோட்டை ஏரியின் நடுவுக்கே இழுத்துவிட்டோம். இரு பக்கமும் அரை டிகிரிதான் என்பதால் பிழை கிலோமீட்டருக்கு நான்கு சென்டிமீட்டரைத் தாண்டாது. `x_0`-வில் வழக்கமான 500000 போடாமல் 50000 போட்டிருப்பது வேண்டுமென்றே. எண்கள் யூடிஎம் போலவே இருந்தால், ஆறு மாதம் கழித்து யாராவது, பெரும்பாலும் நீங்களே, அதை யூடிஎம் என்று நினைத்து ஏற்றுவீர்கள். இதற்கு ஈபிஎஸ்ஜி எண் கிடையாது. அதனால் கோப்பைக் கொடுக்கும்போது இந்த வரியையும் சேர்த்துக் கொடுங்கள்.

இடம் கிழக்கு மேற்காக ஆறு டிகிரிக்கும் மேல் விரிந்தால் யூடிஎம்மை விட்டுவிடுங்கள். சமபரப்பு ப்ரொஜெக்ஷன் ஏதாவது எடுத்துக்கொள்ளலாம்.

படி 4: செயற்கைக்கோள் படங்கள்

சென்டினல்-2 படங்கள் 110 கிலோமீட்டர் சதுரத் துண்டுகளாக, அந்தந்த மண்டலத்திலேயே வருகின்றன. ஏரியின் மேற்கு ஓரத் துண்டு 36, மீதி 37. முதலில் 37-இன் துண்டுகளே எல்லை தாண்டி உங்கள் கரையை மூடுகின்றனவா என்று பாருங்கள். மூடினால் வேலையே இல்லை. இல்லையென்றால்:

```
gdalwarp -t_srs EPSG:32637 -tr 10 10 -tap -r bilinear -srcnodata 0 -dstnodata 0 t36.tif t36_in37.tif
gdalbuildvrt lake.vrt t37.tif t36_in37.tif
```

`-tap` முக்கியம். அது இல்லாவிட்டால் இரண்டு படங்களின் பிக்சல்கள் ஒன்றுக்கொன்று சில மீட்டர் தள்ளி நிற்கும். நிலவகைப் படம் மாதிரி வகுப்பு எண்கள் உள்ள ராஸ்டர் என்றால் `bilinear` வேண்டாம், `near`. 3 என்ற வகுப்புக்கும் 5 என்ற வகுப்புக்கும் நடுவில் 4 என்று இல்லாத ஒன்றைப் பிறப்பித்துவிடும்.

இதையெல்லாம் மெனுவிலும் செய்யலாம். நான் கட்டளையாகவே எழுதி வைப்பேன். அடுத்த வருடப் படத்துக்கும் அதே வரியை ஓட்டலாமே.

பிற்சேர்க்கை

"`gdalbuildvrt` ஓடி முடிந்தது, ஆனால் ஏரியின் மேற்கு ஓரம் காணோம்" என்று ஒருவர் எழுதியிருந்தார். அவர் `gdalwarp`-ஐத் தாண்டிக் குதித்து, 36, 37 இரண்டையும் நேராகக் கொடுத்திருக்கிறார். அந்தக் கருவி வெவ்வேறு ப்ரொஜெக்ஷன் உள்ள கோப்பைச் சேர்ப்பதில்லை. ஒரு எச்சரிக்கை வரியை எழுதிவிட்டு அந்தக் கோப்பை விட்டுவிட்டு மேலே போய்விடும். `heterogeneous projection` என்ற சொற்கள் திரையில் ஓடியதா என்று பாருங்கள்.

இன்னொருவருக்கு இரண்டு துண்டும் சேரும் இடத்தில் கறுப்பு முக்கோணங்கள். அதற்குக் காரணம் உண்டு: இரண்டு மண்டலத்தின் கட்டங்களும் எல்லையில் ஒன்றுக்கொன்று சாய்ந்து நிற்கின்றன. துர்கானாவில் சாய்வு சுமார் 0.37 டிகிரிதான், 110 கிலோமீட்டர் துண்டின் ஓரத்தில் அது 700 மீட்டராகத் தெரியும். அட்சரேகை 50-இல் சாய்வு நாலரை டிகிரிக்கு மேல். மாற்றிய படம் லேசாகத் திரும்பி உட்காரும், மூலைகள் காலியாகும், அந்தக் காலியிடம் பூஜ்ஜியமாகப் பக்கத்துப் படத்தை மூடும். `-srcnodata 0 -dstnodata 0` போட்டது அதற்காகத்தான். அவர் அதை விட்டிருந்தார்.

கோப்பில் மண்டலம் "37S" என்று இருந்தால் தெற்கு என்று முடிவு கட்டாதீர்கள் என்பது மூன்றாவது கடிதத்தால் சேர்த்தது. ராணுவக் கட்ட முறையில் எஸ் என்பது வடக்கு 32 முதல் 40 டிகிரி வரையான பட்டையின் எழுத்து. எழுதியவரிடமே கேட்டுவிடுங்கள். முடிந்தால், அடுத்த முறை ஜிபிஎஸ்ஸை டிகிரியில் வைத்துப் பதியச் சொல்லுங்கள். யூடிஎம்முக்கு மேசையில் உட்கார்ந்து மாற்றிக்கொள்ளலாம்.