லிஃப்ட் புகார்க் கடிதம்: ஆள் வந்த தேதியும் பழுது தீர்ந்த தேதியும் ஒன்றல்ல

கிருஷ்ணகிரியில் எங்கள் குடியிருப்பு தரைத்தளமும் நான்கு மாடிகளும் கொண்டது. இருபது வீடுகளுக்கும் சேர்த்து ஒரே லிஃப்ட், ஆறு பேர் ஏறக்கூடியது. பழுது என்றால் ஓசூரிலிருந்து ஆள் வர வேண்டும். இந்த ஆண்டு ஜனவரியிலிருந்து அது ஓடிய நாட்களைவிட நாங்கள் அதைப் பற்றிப் பேசிய நாட்களே அதிகம். ஏப்ரல் கடைசியில் சங்கத்துக்குப் புகார்க் கடிதம் எழுதி, கீழே ஒரு அட்டவணையும் போட்டுக் கொடுத்தேன். ஒரு பக்கம் தேதி, எதிரே ‘கதவு சரிசெய்யப்பட்டது’, ‘லிஃப்ட் ரிப்பேர்’, ‘பேட்டரி பார்க்கப்பட்டது’ என்று மொத்தம் ஏழு வரிகள்.

செயலாளர் அதைப் படித்துவிட்டுச் சொன்னது இதுதான்: “ஏழு தடவை ஆள் வந்திருக்காருன்னு நீங்களே எழுதிக் கொடுத்திருக்கீங்க சார். இதுக்கு மேல சங்கம் என்ன பண்ணணும், சொல்லுங்க?”

அவர் கேட்டது நியாயம். நான் கொடுத்த அட்டவணை சங்கம் வேலை செய்ததற்கான சான்றாகத்தான் இருந்தது. பல குடியிருப்புகளில் எழுதப்படும் கடிதங்களிலும் இதே தவறைப் பார்க்கிறேன். ஆள் வந்த தேதிகளை வரிசையாக எழுதினால் எத்தனை முறை வந்தார் என்பது தெரியும். எந்தப் பழுது தீரவில்லை என்பது அதில் தெரியாது.

அதனால் அட்டவணையைத் தேதிவாரியாகப் போடாமல் பழுதுவாரியாகப் போட வேண்டும். ஏழு வரிகளையும் பிரித்துப் பார்த்தபோது உள்ளே இருந்தது மூன்றே பழுதுகள். ஒன்று, மூன்றாம் தளத்தில் கதவு மூடிக்கொண்டு வந்து மறுபடி திறந்துவிடும், லிஃப்ட் கிளம்பாது. இரண்டு, தளத்துக்குச் சமமாக நிற்காமல் கீழே இறங்கி நிற்கும். மூன்று, கரண்ட் போனால் இரண்டு தளங்களுக்கு நடுவில் அப்படியே நின்றுவிடும். மே 12 அன்று கொடுத்த இரண்டாவது கடிதத்தில் அட்டவணை இப்படி இருந்தது. இங்கே இடத்துக்காக ஆண்டை விட்டிருக்கிறேன். கடிதத்தில் ஒவ்வொரு தேதிக்கும் ஆண்டு போட வேண்டும்.

| பழுது | சொன்ன தேதி | ஆள் வந்த தேதி | சர்வீஸ் சீட்டில் எழுதிய வேலை | மறுபடி வந்த தேதி | தாங்கிய நாட்கள் |
|---|---|---|---|---|---|
| 3-ஆம் தளக் கதவு | ஜன. 5 | ஜன. 8 | கதவுத் தடம் சுத்தம் | பிப். 11 | 34 |
| அதே | பிப். 11 | பிப். 14 | கதவு லாக் சரிசெய்தல் | ஏப். 2 | 47 |
| அதே | ஏப். 2 | ஏப். 6 | சென்சார் சுத்தம் | ஏப். 20 | 14 |
| அதே | ஏப். 20 | பார்க்கப்படவில்லை | – | – | – |
| தளத்துக்குக் கீழே நிற்பது | ஜன. 24 | ஜன. 27 | லெவல் அட்ஜஸ்ட் | மார். 12 | 44 |
| அதே | மார். 12 | மார். 19 | லெவல் அட்ஜஸ்ட் | ஏப். 21 | 33 |
| அதே | ஏப். 21 | ஏப். 25 | லெவல் அட்ஜஸ்ட் | மே 6 | 11 |
| அதே | மே 6 | வரவில்லை | – | – | – |
| கரண்ட் போனால் நடுவில் நிற்பது | பிப். 26 | மார். 3 | பேட்டரி மாற்ற வேண்டும் | நீங்கவே இல்லை | 0 |

கடைசிக் கட்டம்தான் இந்த அட்டவணையின் உயிர். லெவல் பழுதைப் பாருங்கள்: 44 நாள், 33 நாள், 11 நாள். ஒரே வேலையை மூன்று முறை செய்திருக்கிறார்கள், ஒவ்வொரு முறையும் அது முன்பைவிடக் குறைவாகத் தாங்கியிருக்கிறது. இதைப் பார்த்தபின் ‘ஆள் வந்தார்’ என்று யாரும் பதில் சொல்ல முடியாது. அட்ஜஸ்ட் செய்து தீராத ஏதோ ஒன்று தேய்ந்துகொண்டு வருகிறது என்பது லிஃப்ட் பற்றித் தெரியாதவருக்கும் புரியும்.

பேட்டரி வரி இன்னும் முக்கியம். என் முதல் அட்டவணையில் அதை ‘பேட்டரி பார்க்கப்பட்டது’ என்று ஒரு ரிப்பேராகவே கணக்கில் சேர்த்திருந்தேன். உண்மையில் அன்று எதுவும் சரிசெய்யப்படவில்லை. கரண்ட் போனவுடன் லிஃப்டைப் பக்கத்துத் தளத்துக்குக் கொண்டுபோய்க் கதவைத் திறந்துவிடும் கருவிக்கு ஏஆர்டி என்று பெயர். அது பேட்டரியில் ஓடுவது. வந்தவர் பேட்டரி போய்விட்டது, மாற்ற வேண்டும், கொட்டேஷன் அனுப்பப்படும் என்று சீட்டில் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். எங்கள் ஏஎம்சி, அதாவது ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம், உதிரிபாகச் செலவு சேராத சாதாரண வகை. பேட்டரிக்குச் சங்கம் தனியாகப் பணம் ஒதுக்கினால்தான் வேலை நடக்கும். அந்தக் கொட்டேஷன் சங்கத்தின் ஃபைலிலேயே கிடந்தது. ஆக, இந்த ஒரு பழுதில் தாமதம் லிஃப்ட் கம்பெனியுடையது அல்ல, சங்கத்துடையது. கடிதம் கொடுத்த அன்று, பழுதைச் சொல்லி 75 நாள் ஆகியிருந்தது. எந்தப் பழுது யார் கையில் நிற்கிறது என்று பிரித்துக் காட்டாவிட்டால் எல்லாம் சேர்ந்து ‘கம்பெனிக்காரன் சரியில்லை’ என்று முடிந்துவிடும்.

அட்டவணையை நிரப்பும்போது இன்னொரு விஷயம் வெளியே வந்தது. ஏப்ரல் 20 அன்று கதவு மறுபடி மக்கர் செய்தது. ஏப்ரல் 25 அன்று ஆள் வந்தும் இருந்தார். ஆனால் சீட்டில் லெவல் வேலை மட்டும்தான் இருக்கிறது. கதவு பற்றி அவரிடம் யாரும் சொல்லவே இல்லை. ஐம்பது கிலோமீட்டர் தாண்டி வந்தவர் பக்கத்திலேயே இருந்த பழுதைத் தொடாமல் திரும்பிப் போயிருக்கிறார்.

சரி, இந்தத் தேதிகளை எங்கிருந்து எடுப்பது? ஞாபகத்திலிருந்து எழுதுவது பெரிய தவறு. நம்பகமானது மெக்கானிக் கொடுக்கும் சர்வீஸ் சீட்டுதான். அதன் நகல் சங்கத்தில் இருக்கும், கேட்டு வாங்கலாம். அடுத்தது வாட்ச்மேனின் வருகைப் பதிவேடு. பழுதைச் சொன்ன தேதிக்குக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குரூப்பில் தேடினாலே போதும், ‘லிஃப்ட்’ என்று தட்டினால் வரிசையாக வந்து நிற்கும். தேதி கிடைக்காத இடத்தில் ‘பிப்ரவரி இரண்டாம் வாரம்’ என்றே எழுதிவிடுங்கள். தோராயமான தேதியைத் துல்லியமானதுபோல் எழுதினால், பதிவேட்டைத் திறந்து அந்த ஒரு தேதி தவறு என்று காட்டுவார்கள். அப்புறம் மற்ற எட்டு வரிகளையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

பழுதை விவரிக்கும்போது நடக்கும் தவறு, காரணத்தை நாமே தீர்மானித்து எழுதுவது. ‘மோட்டார் போய்விட்டது’, ‘பிரேக் தேய்ந்துவிட்டது’ என்று எழுதினால் கம்பெனி மோட்டாரைச் சோதித்து ‘நன்றாக இருக்கிறது’ என்று பதில் அனுப்பும், கடிதம் அத்தோடு முடிந்தது. கண்ணால் பார்த்ததை எழுதினால் மறுக்க முடியாது. ‘கீழே இறங்கி நிற்கிறது’ என்பதற்குப் பதிலாக ஒரு ஸ்கேலை எடுத்துக்கொண்டு போய் அளந்தேன். நான் ஒருவன் மட்டும் ஏறினால் தரைத்தளத்தில் 2 செ.மீ. இறக்கம். நான்காம் மாடிக்காரர் மாம்பழப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு வந்த அன்று 5 செ.மீ. மற்ற தளங்களிலும் இதே கதை. இந்த மூன்று வரிகள் மெக்கானிக்குப் பெரிய உதவி. ஒரே ஒரு தளத்தில் மட்டும் தவறி நின்றால் பெரும்பாலும் அந்தத் தளத்துக்கான சென்சாரையோ காந்தத்தையோ பார்ப்பார்கள். எல்லாத் தளத்திலும், அதுவும் எடை கூடக்கூட அதிகமாக இறங்கினால், தேடும் இடமே பிரேக், மோட்டாரை இயக்கும் டிரைவ் என்று மாறிவிடும். பழுது வரும் நேரத்தில் டிஸ்ப்ளேயில் ஏதாவது எழுத்தோ எண்ணோ தெரிந்தால் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கதவு திறந்திருக்கும்போதே லிஃப்ட் நகர்ந்தாலோ, லிஃப்ட் வராமலே வெளிக்கதவு திறந்தாலோ அது அட்டவணையில் எழுதிக் காத்திருக்கும் பழுது அல்ல. அந்த நிமிடமே ஓட்டத்தை நிறுத்தி, எல்லாத் தளத்திலும் அறிவிப்பு ஒட்டி, கம்பெனிக்கும் சங்கத்துக்கும் போன் செய்ய வேண்டும். கடிதம் பிறகு.

கோரிக்கைப் பகுதியில் ‘தக்க நடவடிக்கை எடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்’ என்று முடிப்பது வழக்கம். அதற்கு ‘எடுக்கிறோம்’ என்பதே போதுமான பதிலாகிவிடுகிறது. ஒவ்வொரு பழுதுக்கும் தனியாகக் கேளுங்கள். நான் எழுதியது இது:

“1. பேட்டரிக்கான கொட்டேஷனுக்கு ஒப்புதல் அளித்து, மாற்றும் தேதியைத் தெரிவிக்கவும். 2. லெவல் பழுதுக்கு வழக்கமாக வருபவரோடு மூத்த டெக்னீஷியன் ஒருவரையும் அனுப்பக் கம்பெனியிடம் எழுத்து மூலம் கேட்கவும். அவர் காரணத்தைச் சீட்டில் எழுதித் தர வேண்டும். 3. அதே நாளில் மூன்றாம் தளக் கதவையும் பார்க்கச் சொல்லவும். 4. ஏஎம்சி ஒப்பந்தத்தின் நகலையும் லிஃப்ட் உரிமத்தின் நகலையும் தரவும். 15 நாளுக்குள் எழுத்தில் பதில் வேண்டும்.”

தண்ணீர் வராதது, பார்க்கிங் தகராறு எதையும் இதில் சேர்க்காதீர்கள். பதில் எழுதுபவர் சுலபமானதற்கு மட்டும் பதில் எழுதுவார்.

கடிதத்தைச் செயலாளர் பெயருக்கு எழுதி, நகலில் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். கையெழுத்துப் போடத் தயங்கினால் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் லிஃப்டுகளுக்கென்றே 1997-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அதன்படி உரிமம், ஆய்வு எல்லாம் அரசின் மின் ஆய்வுத் துறையின் பொறுப்பு. சங்கம் பதிலே தராவிட்டால் இதே அட்டவணையோடு அங்கே மனு கொடுக்கலாம். ஆனால் முதல் கடிதத்திலேயே ‘புகார் செய்வேன்’ என்று எழுதாதீர்கள். தினமும் படிக்கட்டில் முகம் பார்க்க வேண்டியவர்கள் நாம்.

இரண்டாவது கடிதத்துக்குப் பின் பேட்டரி ஒரே வாரத்தில் மாறியது. மே 20 அன்று இருவர் வந்து மூன்றாம் தளக் கதவின் தேய்ந்த ரோலரை மாற்றினார்கள், பிரேக்கையும் பிரித்துப் பார்த்துச் சரிசெய்தார்கள். உடனே ‘தீர்ந்தது’ என்று எழுதிவிடலாமா என்று செயலாளர் கேட்டார். வேண்டாம் என்றேன். இந்த லிஃப்டில் ஒரு ரிப்பேர் அதிகபட்சம் தாங்கியது 47 நாள். அதைத் தாண்டினால்தான் ஏதாவது சொல்ல முடியும். அறுபது நாள் என்று பேசி முடித்தோம். கதவுக்கும் லெவலுக்கும் எதிரே ‘ஜூலை 19 வரை கவனிப்பில்’ என்று அவரே தன் கையால் எழுதினார்.