கிண்ணத்தில் ஒளிந்த ஐந்து ரூபாய்: தண்ணீரை அளந்து ஊற்றி ஒளிவிலகல் நடத்துவது எப்படி?

நாணயத்தைக் கிண்ணத்தில் போட்டு, அது மறையும் வரை பின்னால் நகர்ந்து, தண்ணீர் ஊற்றினால் நாணயம் மீண்டும் தெரியும். ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை ஒளிவிலகல் பாடத்தில் இது இல்லாத பள்ளி இருக்காது. இலங்கைப் பாடநூல்களில் இதையே ஒளிமுறிவு என்பார்கள். பிள்ளைகளும் “ஆ!” என்பார்கள், பாடம் முடிந்துவிடும். நானும் பல வருடம் அப்படித்தான் முடித்தேன். ஒரு நாள் ஒரு மாணவி, “சார், தண்ணி ஊத்தறப்ப காசு நகர்ந்திருக்கும்” என்றாள். இல்லை என்று சொல்ல என்னிடம் ஆதாரம் எதுவும் இல்லை. அதிலிருந்து தண்ணீரை மொத்தமாகக் கவிழ்ப்பதை விட்டுவிட்டு, சென்டிமீட்டர் கணக்கில் ஊற்றுகிறேன்.

என்னென்ன வேண்டும்

சுவர் நேராக நிற்கும், உள்ளே பார்க்க முடியாத ஒரு பிளாஸ்டிக் டப்பா. நான் வைத்திருப்பது உட்புறம் 12 செ.மீ அகலம், 6 செ.மீ உயரம். மஞ்சள் நிற ஐந்து ரூபாய் நாணயம் ஒன்று, குறுக்களவு 2.3 செ.மீ. இரண்டு பக்கமும் ஒட்டும் டேப், ஸ்கேல், கோணமானி, அழியாத மார்க்கர், ஒரு செல்போன், அதைச் சாய்த்து வைக்கக் கொஞ்சம் புத்தகங்கள். அப்புறம் ஒரு டம்ளரும் தண்ணீரும்.

எவர்சில்வர் பாத்திரம் வேண்டாம். முதலில் நான் டபராவில்தான் செய்தேன். பளபளக்கும் உட்சுவரில் நாணயத்தின் பிம்பம் விழுந்து, தண்ணீர் ஊற்றும் முன்பே பாதி வகுப்பு “தெரியுது, தெரியுது” என்று கத்தியது. அவர்கள் பார்த்தது எதிரொளிப்பு. ஒளிவிலகல் பாடத்தை எதிரொளிப்பில் ஆரம்பித்தால் அன்று முழுக்கக் குழப்பம்தான். கண்ணாடி டம்ளரும் ஆகாது, பக்கவாட்டிலேயே நாணயம் தெரிந்துவிடும்.

படி 1: ஒட்டுவது, அளவு குறிப்பது

நாணயத்தை டப்பாவின் அடியில் சரியாக நடுவில் டேப்பால் ஒட்டுங்கள். பார்ப்பவருக்கு எதிரே இருக்கும் உட்சுவரில், அடியிலிருந்து மேலே 1, 2, 3, 4, 5 செ.மீ என்று மார்க்கரால் கோடு போடுங்கள். 2.5-க்கு ஒரு சின்னக் கோடு தனியாக.

படி 2: நாணயத்தை மறைப்பது

இங்கேதான் பெரும்பாலும் தவறு நடக்கும். தண்ணீர் ஊற்ற ஊற்ற, ஆர்வத்தில் தலை தானாக மேலே எழும்பும். அரை அங்குலம் எழும்பினாலும் தண்ணீர் இல்லாமலே நாணயத்தின் ஓரம் தெரிந்துவிடும். கண்ணை நம்பாமல் போன் கேமராவை வைப்பது அதற்காகத்தான்.

டப்பாவின் உங்கள் பக்க விளிம்பிலிருந்து 36 செ.மீ தள்ளி, மேஜை மட்டத்திலிருந்து 36 செ.மீ உயரத்தில் கேமராவின் லென்ஸ் வருமாறு புத்தகங்களை அடுக்கிச் சாய்த்து வையுங்கள். டப்பாவின் உயரம் 6 செ.மீ என்பதால், விளிம்புக்கு மேலே லென்ஸ் 30 செ.மீ உயரத்தில் இருக்கும். இப்போது விளிம்பைத் தொட்டபடி செல்லும் பார்வைக்கோடு நாணயத்தின் தூர ஓரத்தை ஒட்டி அடியில் போய் விழும். நாணயம் அப்போதுதான் மறைந்திருக்கும். கொஞ்சம் தெரிந்தால் போனை ஒரு நூல் இறக்குங்கள், அதற்கு மேல் வேண்டாம். வீடியோவை ஓடவிட்டு, பிறகு யாரும் மேஜையைத் தொடாதீர்கள்.

படி 3: முதலில் கேள்வி, பிறகு தண்ணீர்

ஊற்றுவதற்கு முன் இரண்டு கேள்விகளுக்கு நோட்டில் பதில் எழுதச் சொல்லுங்கள். நாணயத்தின் எந்த ஓரம் முதலில் தெரியும், நமக்குப் பக்கத்து ஓரமா, தூரத்து ஓரமா? முழு நாணயமும் தெரிய எத்தனை சென்டிமீட்டர் தண்ணீர் வேண்டும்?

முதல் கேள்விக்குப் பெரும்பாலும் “பக்கத்து ஓரம்” என்றுதான் வரும். இருக்கட்டும், திருத்த வேண்டாம்.

இப்போது டம்ளரை எதிர்ச்சுவரில் சாய்த்து, சுவர் வழியாக வழியும்படி ஊற்றுங்கள். 1 செ.மீ கோடு வந்ததும் நிறுத்தி, அலை அடங்கக் கொஞ்சம் பொறுங்கள். நாணயத்தின் தூர ஓரம் மெல்லிய பிறைபோல் எட்டிப் பார்க்கும். 2.5 கோட்டில் ஏறக்குறைய பாதி நாணயம். 5 கோட்டைத் தொடும்போது முழு நாணயமும் வந்துவிடும். கணக்கு எளிது: ஒவ்வொரு சென்டிமீட்டர் தண்ணீருக்கும் ஏறத்தாழ அரை சென்டிமீட்டர் நாணயம்.

அந்த மாணவியின் சந்தேகத்துக்கு இப்போது பதில் சொல்லலாம். ஊசி இல்லாத சிரிஞ்சால் தண்ணீரை மெதுவாக உறிஞ்சி எடுங்கள். நாணயம் வந்த வழியே, பக்கத்து ஓரத்திலிருந்து தேய ஆரம்பித்து மறுபடி மறைந்துவிடும். நகர்ந்த நாணயம் இப்படித் திரும்பிப் போகாது.

படி 4: அதே அளவில் நோட்டில் வரைவது

பாடத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. 12 செ.மீ நீளம், 6 செ.மீ உயரத்தில் ஒரு செவ்வகம் வரையுங்கள். டப்பாவைப் பக்கவாட்டில் வெட்டிப் பார்த்தால் தெரியும் தோற்றம் இது. அடிக்கோட்டில் இடது மூலையிலிருந்து 4.85 முதல் 7.15 செ.மீ வரை தடித்த கோடு போடுங்கள், அது நாணயம். இடது மேல் மூலை உங்கள் பக்க விளிம்பு. அங்கிருந்து நாணயத்தின் வலது நுனிக்கு ஒரு நேர்கோடு இழுத்து, அதையே மேலே இடப்பக்கமாகக் கண் வரை நீட்டுங்கள். செங்குத்துடன் அது எத்தனை பாகை என்று கோணமானியால் அளந்தால் 50 வரும். தண்ணீர் இல்லாதபோது பார்வைக்கோடு இதுதான். இதற்கு இடது பக்கம் அடியில் இருப்பதெல்லாம் விளிம்புக்குப் பின்னால் மறைந்திருக்கிறது.

அடுத்து 5 செ.மீ உயரத்தில் தண்ணீர் மட்டத்தை வரையுங்கள். பார்வைக்கோடு அதை இடது சுவரிலிருந்து 1.2 செ.மீ தள்ளி வெட்டும். அந்தப் புள்ளியில் ஒரு செங்குத்துக்கோடு போட்டு, அதற்குக் கீழே 50 பாகைக்குப் பதிலாக 35 பாகையில் கோடு இழுங்கள். அது அடியைத் தொடும் இடத்தை அளந்தால் 4.7 செ.மீ. நாணயம் தொடங்குவதோ 4.85-ல். ஆகவே முழு நாணயமும் தெரிந்தாக வேண்டும். நீர்மட்டத்தை 2.5-ல் வைத்து மறுபடி வரைந்தால், கோடு 5.9 செ.மீ-ல் விழும், நாணயத்தின் நடுவுக்கு மிக அருகில். வீடியோவை நிறுத்திப் பாருங்கள், பாதி நாணயம்தான் தெரிகிறது.

ஒரு எச்சரிக்கை. வரைய வசதியாகக் கண்ணிலிருந்து கோடு இழுத்தோம். ஆனால் அம்புக்குறி நாணயத்திலிருந்து கண்ணை நோக்கித்தான் போட வேண்டும். கண்ணிலிருந்து எதுவும் புறப்பட்டுப் போவதில்லை. அம்புக்குறியைத் திருப்பிப் போடும் பிள்ளைக்கு இந்தப் பாடம் இன்னும் புரியவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். கோடு வளைவது நீர்மட்டத்தில் மட்டும்தான் என்பதையும் பாருங்கள். தண்ணீருக்குள் வில் மாதிரி வளைத்து வரைபவர்கள் உண்டு.

50-க்கு ஏன் 35?

இந்த இரண்டு எண்களும் மிகப் பழையவை. இரண்டாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த தாலமி, பாத்திரத்தில் நாணயம் போட்டுத் தண்ணீர் ஊற்றும் இதே சோதனையைத் தன் ஒளியியல் நூலில் எழுதியிருக்கிறார். அதோடு நிற்காமல், பாகை குறித்த வெண்கல வட்டு ஒன்றைப் பாதி தண்ணீரில் அமிழ்த்திக் கோணங்களை அளந்து அட்டவணையும் போட்டார். காற்றில் 50 பாகை என்றால் தண்ணீரில் 35 என்பது அதில் இருக்கிறது. 60-க்கு 40.5. இன்றைக்கு அளந்தாலும் இவை சரிதான். 80-க்கு அவர் கொடுத்த 50 மட்டும் இரண்டு பாகைக்கு மேல் கூடுதல்.

வளைவதற்குக் காரணம் வேகம். காற்றில் ஒளி வினாடிக்குச் சுமார் 3 லட்சம் கி.மீ செல்கிறது, தண்ணீரில் சுமார் 2.25 லட்சம் கி.மீ. கடற்கரை மணலிலிருந்து தார் ரோட்டுக்கு ஒரு தள்ளுவண்டியைச் சாய்வாக ஏற்றுவதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு சக்கரம் முதலில் ரோட்டைத் தொட்டு வேகமாக உருளும். மற்றது மணலில் இழுபடும். வண்டி மணல் பக்கமாகத் திரும்பி, ரோட்டோரத்தை ஒட்டிச் சாய்ந்து போகும். நாணயத்திலிருந்து மேலே வரும் ஒளியும் தண்ணீரை விட்டு வெளியேறும்போது இப்படித்தான் செங்குத்துக்கோட்டை விட்டு விலகிச் சாய்கிறது. அதனால்தான் விளிம்புக்கு மேலே போய்த் தப்பியிருக்க வேண்டிய ஒளி, கீழே சாய்ந்து நம் கண்ணில் விழுகிறது. நம் மூளைக்கு இந்தத் திருப்பம் தெரியாது. ஒளி நேராகவே வந்ததாக எடுத்துக்கொண்டு நாணயத்தை உயரத்தில் வைத்துப் பார்க்கிறது. “காசு மிதக்கிறது” என்று பிள்ளைகள் சொன்னால் டேப்பை நினைவுபடுத்துங்கள்.

எதுவும் தெரியவில்லையென்றால்

டியூப்லைட்டின் வெளிச்சம் நீர்ப்பரப்பில் பட்டுக் கேமராவில் வெள்ளையாக அடிக்கிறதா என்று முதலில் பாருங்கள். டப்பாவையும் போனையும் சேர்த்து வேறு பக்கம் திருப்பினால் சரியாகிவிடும். அதுவும் இல்லையென்றால் அனேகமாகப் போன் அளவுக்கு மீறிப் பின்னால் போயிருக்கும்.

எவ்வளவு மீறினால் என்ன ஆகும் என்பதையே வீட்டுப்பாடமாகக் கொடுக்கிறேன். அதே உயரத்தில் போனை 52 செ.மீ தூரத்துக்குத் தள்ளினால் பார்வைக்கோடு செங்குத்துடன் 60 பாகை ஆகிறது. தண்ணீருக்குள் தாலமியின் 40.5-ஐப் போட்டு வரையச் சொல்லுங்கள். சுமார் 3.7 செ.மீ தண்ணீர் வரும் வரை நாணயம் தலைகாட்டாது. 5 செ.மீ ஊற்றிய பிறகும் பாதிதான் தெரியும். மறுநாள் வகுப்பில் போனைத் தள்ளி வைத்து ஊற்றுங்கள், 3.7-க்கு முன்பே தெரிந்தால் டப்பாவின் அளவையும் போனின் உயரத்தையும் திரும்ப ஒருமுறை அளந்து பாருங்கள்.