துபாயில் என் கிராஜுவிட்டி கணக்கைச் சரிசெய்தது

ஏழரை வருட வேலையை ராஜினாமா செய்தபோது கம்பெனி கொடுத்த கணக்குத் தாளில் 8,820 திர்ஹாம் என்று இருந்தது. மாதம் 2,900 வாங்கினேன், ஆனால் கிராஜுவிட்டிக்கு அடிப்படைச் சம்பளம் மட்டும்தான் கணக்கு. வீட்டு வாடகைப் படியும் பயணப் படியும் சேராது. என் கடைசி அடிப்படைச் சம்பளம் 1,800. முப்பதால் வகுத்தால் ஒரு நாளுக்கு 60. அதுவரை அவர்கள் போட்டது சரி.

தவறு அடுத்த வரியில் இருந்தது. ஏழு வருடத்துக்கும் 21 நாள் வீதம் போட்டு, மீதி ஆறு மாதத்தை விட்டுவிட்டார்கள். அமீரகச் சட்டப்படி முதல் ஐந்து வருடத்துக்குத்தான் 21 நாள். அதற்குப் பிறகு வருடத்துக்கு 30 நாள். ஒரு வருடம் முடித்தவருக்கு, முடியாத வருடத்துக்கும் விகிதப்படி உண்டு.

என் பக்கமும் ஒரு கழிவு இருந்தது. சம்பளமில்லா விடுப்பு 73 நாள், அது சேவைக் காலத்தில் சேராது. அதைக் கழித்தால் 7.3 வருடம்.

```
5 × 21   = 105 நாள்
2.3 × 30 =  69 நாள்
174 × 60 = 10,440
```

"ராஜினாமா செய்தால் குறையும்" என்றார் கணக்காளர். அது பழைய சட்டம். 2022 பிப்ரவரி முதல் அந்தக் குறைப்பு இல்லை. ஒப்பந்தத்தையும் விடுப்புக் கடிதங்களையும் இந்தக் கணக்கோடு சேர்த்து எழுத்தில் கொடுத்தேன். விடுப்பை நானே கழித்திருந்ததால் பேச்சு வளரவில்லை என்று நினைக்கிறேன். பாக்கி 1,620 திர்ஹாமும் சேர்ந்து, சட்டம் சொல்லும் 14 நாளுக்குள் வந்தது.