பூட்டு புட்டாகும் இடம்: தமிழ் வரி உயரத்தில் நடக்கும் தவறுகள்

கொழும்பில் மும்மொழிச் செயலி ஒன்றின் லே-அவுட்டைப் பார்வையிட்டுக்கொண்டிருந்தோம். அக்கம்பக்கத்துக் கடைகளைத் தேடித் தரும் செயலி. ஒரு கார்டின் தலைப்பு 'வெள்ளவத்தை புட்டுத் திருத்தும் கடை' என்றிருந்தது. புட்டைத் திருத்துவது எப்படி என்று எல்லோரும் சிரித்தோம். தரவைத் திறந்து பார்த்தால் 'பூட்டு' என்று சரியாகத்தான் இருந்தது. பூவின் வால்தான் திரையில் வெட்டுப்பட்டிருந்தது.

'பு' என்பதில் வலப்பக்கக் கோடு நேராகக் கீழே இறங்கும். 'பூ' என்பதில் அந்தக் கோடு இறங்கி, வளைந்து திரும்பும். அந்த வளைவைச் சீவிவிட்டால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. மேலேயும் இதே கதைதான்: மின், மீன் இரண்டையும் பிரித்துக் காட்டுவது மேலே இருக்கும் சின்னச் சுழி.

முதல் தவறு, ஆங்கிலத்துக்குச் சரியாக இருந்த, எழுத்தளவைப் போல் 1.2 மடங்கு வரி உயரம் தமிழுக்கும் போதும் என்று நினைப்பது. a, e, n, o போன்ற சிறிய எழுத்துகள் அடிக்கோட்டுக்கு மேல் ஒரு குறுகிய பட்டைக்குள் அடங்கிவிடும். d, g போன்ற சிலதான் மேலேயோ கீழேயோ நீளும். அதனால் வரிகளை நெருக்கி வைத்தாலும் நடுவில் வெள்ளை மிஞ்சும். தமிழிலோ பெரும்பாலான சொற்களில் மேலே ஒரு புள்ளியோ இகரக் குறியோ இருக்கும், கீழே உகரக் குறியோ ழ, ந, ஞ போன்றவற்றின் வாலோ இறங்கும். ஆங்கில வரிகளுக்கு நடுவே வெறுமையாய்க் கிடக்கும் இடத்தில்தான் நம் உயிர்க்குறிகள் குடியிருக்கின்றன.

எங்கள் கார்டில் என்ன நடந்தது என்று கணக்குப் போட்டுப் பார்த்தோம். எழுத்தளவு 20 பிக்சல், வரி உயரம் 1.2, ஆக ஒரு வரிக்கு 24 பிக்சல். அந்தத் தமிழ் எழுத்துருவோ தன் உச்சியிலிருந்து அடிவரை 28 பிக்சல் கேட்டது. குறைகிற 4 பிக்சலை உலாவி மேலே 2, கீழே 2 என்று பிரித்து வெளியே தள்ளும். தள்ளினாலும் எழுத்து அழியாது, பெட்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், அவ்வளவுதான். ஆனால் தலைப்பை இரண்டு வரிக்குள் நிறுத்த `overflow: hidden` போட்டிருந்தார்கள். அதுதான் கடைசி வரியின் அடியைச் சீவியது.

அப்புறம் வந்த யோசனை, கீழே `padding` கொடுப்போம் என்பது. ஒரு வரித் தலைப்பென்றால் அது சரிவரலாம். `-webkit-line-clamp` இருக்கும் இடத்தில், மறைய வேண்டிய மூன்றாவது வரியின் தலை அந்த இடைவெளியில் எட்டிப் பார்க்கும். எழுத்தைச் சிறிதாக்கும் யோசனையும் வந்தது. அது இன்னும் மோசம். வரி உயரம் எழுத்தளவோடு சேர்ந்தே சுருங்குவதால் வெட்டு அப்படியே இருக்கும், சுழிகள் வேறு அடைத்துக்கொள்ளும்.

கடைசியில் வரி உயரத்தை 1.5 ஆக்கினோம். ஒரு வரிக்கு 30 பிக்சல், இரண்டு வரித் தலைப்பு 48-இலிருந்து 60-க்குப் போனது. கார்ட் 12 பிக்சல் வளர்ந்ததில் டிசைனருக்கு மனத்தாங்கல்தான். ஆனால் வளர்வது தமிழில் மட்டும், ஆங்கிலக் கார்டை யாரும் தொடவில்லை:

```css
.card-title:lang(ta) {
  line-height: 1.5;
}
```

இங்கேயும் இரண்டு இடத்தில் சறுக்கலாம். வெறும் `:lang(ta)` என்று எழுதினால், அதற்குப் பிறகு வரும் `.card-title` விதி அதை மீறிவிடும், இரண்டுக்கும் ஒரே வலு. மொழியை மாற்றியபோது பக்கத்தின் `lang="en"` மாறாமல் கிடந்தால் இந்த விதி வேலையே செய்யாது. எங்களுக்கு முதல் தடவை நடந்தது அதுதான்.

1.5 எல்லா எழுத்துருவுக்கும் பொருந்தும் எண் அல்ல. `font-family` பட்டியலில் லத்தீன் எழுத்துரு மட்டும் இருந்தால், தமிழைச் சாதனம் தன்னிடமுள்ளதை வைத்துக் காட்டும். வின்டோஸில் அது Nirmala UI ஆக இருக்கலாம், ஆண்ட்ராய்டில் Noto Sans Tamil. இரண்டின் உயரக் கணக்கும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. மடிக்கணினியில் மட்டும் பார்த்துவிட்டுச் சரி என்று சொல்ல முடியாது. அதற்காகப் பயந்து எல்லா இடத்திலும் 2 போடுவதும் அழகில்லை. பெரிய தலைப்பில் வரிகள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் பிரிந்து நிற்கும்.

சோதிக்கும்போது 'படம்', 'கடை' மாதிரிச் சாதுவான சொற்களை வைக்காதீர்கள். மேல் வரியில் 'பூ நூல் ஸ்ரீ', கீழ் வரியில் 'மீன் கீரி நீர்' என்று எழுதி, பிரிந்து போகாதபடி இரண்டு வரியாக்கிப் பாருங்கள். மேல் வரியின் வால் கீழ் வரியின் சுழியில் உரசினால் எண் போதாது. உரசாவிட்டால் வரிகளை இடம் மாற்றி, `overflow` போட்ட பெட்டிக்குள் வைத்து, கடைசி வரியில் வந்த பூவின் வளைவு முழுதாகத் தெரிகிறதா என்று பாருங்கள்.