"எங்கள் பட்ஜெட் அவ்வளவு இல்லை" என்று எச்.ஆர். சொல்லும்போது: பதிலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ஆறு ஆண்டு அனுபவத்தோடு பணிபுரியும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருடைய இப்போதைய சி.டி.சி., அதாவது நிறுவனம் அவருக்காக ஓராண்டில் செலவிடும் மொத்தத் தொகை, 13.5 லட்சம் ரூபாய். புதிய வேலைக்கான விண்ணப்பத்தில் 17 முதல் 19 லட்சம் வரை எதிர்பார்ப்பதாகக் குறிப்பிட்டிருக்கிறார். நிறுவனத்தின் எச்.ஆர். பிரிவிலிருந்து அழைப்பு வருகிறது, அனுபவத்தையும் நோட்டீஸ் காலத்தையும் விசாரித்து முடித்ததும், "இந்தப் பணிக்கு எங்கள் பட்ஜெட் 16 லட்சம்தான், உங்களுக்குச் சம்மதமா?" என்று கேட்கிறார்கள். இந்த ஒரு கேள்விக்கு அவர் சொல்லும் பதிலில்தான் பெரும்பாலான தவறுகள் நடக்கின்றன.

முதல் தவறு, அந்த நொடியிலேயே சம்மதத்தையோ மறுப்பையோ சொல்லிவிடுவது. முதல் அழைப்பில் பேசுபவரின் வேலை, விண்ணப்பதாரரின் விவரங்களைக் குறித்துக்கொண்டு அடுத்த சுற்றுக்கு அனுப்புவது. நீங்கள் "ஓகே மேடம்" என்று சொன்னால், உங்கள் பெயருக்கு நேரே எதிர்பார்ப்பு 16 லட்சம் என்று பதிவாகிவிடும். விண்ணப்பத்தில் எழுதிய 17–19 அதோடு மறைந்துவிடும். "சரி, பார்க்கலாம்" என்று இழுத்தாலும் பெரும்பாலும் அது சம்மதமாகவே எடுத்துக்கொள்ளப்படும். நான்கு சுற்று நேர்காணல் முடிந்து, உங்களை எடுப்பது என்று முடிவான பிறகு நீங்கள் 17 லட்சம் கேட்டால், "முதலிலேயே 16க்கு ஒப்புக்கொண்டீர்களே" என்ற பதில் வரும். அவர்கள் கையில் இருக்கும் குறிப்பின்படி அது நியாயமான பதிலும்கூட.

உடனே "முடியாது" என்று முடித்துவிடுவதாலும் இழப்பு உண்டு. பட்ஜெட் என்று முதல் அழைப்பில் சொல்லப்படும் தொகை, அந்தப் பணியிடத்தை ஒரு குறிப்பிட்ட கிரேடில் வைத்து ஒப்புதல் வாங்கிய தொகை. அதை மாற்றும் அதிகாரம் பொதுவாக அழைத்தவரிடம் இருக்காது. கன்சல்டன்சி மூலம் அழைப்பவரிடம் நிச்சயமாக இருக்காது. கூடுதல் தொகைக்கு ஒப்புதல் கேட்கவோ, உங்களை அடுத்த கிரேடில் சேர்க்கச் சொல்லவோ கூடியவர், உங்களைத் தம் அணியில் சேர்த்துக்கொள்ளப் போகும் மேலாளர்தான். அவர் உங்களை இன்னும் பார்க்கவே இல்லை. நேர்காணலில் உங்கள் வேலைத்திறனைக் கண்ட பிறகுதான் உங்களுக்காக ஒப்புதல் கேட்க அவருக்கு ஒரு காரணம் பிறக்கும்.

ஆகவே முதல் அழைப்பில் கதவை மூடாமலும், தொகைக்கு ஒப்புக்கொள்ளாமலும் பேச வேண்டும். இப்படிச் சொல்லலாம்: "தகவல் சொன்னதற்கு நன்றி மேடம். என் எதிர்பார்ப்பு 17 முதல் 19 லட்சம் என்பதில் மாற்றம் இல்லை. ஆனால் இந்த வேலையில் எனக்கு ஆர்வம் இருக்கிறது. 16 லட்சம் என்பதில் ஃபிக்ஸட் எவ்வளவு, வேரியபிள் எவ்வளவு என்று சொல்ல முடியுமா? நேர்காணலுக்குப் பிறகு தொகையை மறுபரிசீலனை செய்ய இடம் இருக்கிறதா?" அழைப்பு முடிந்ததும் இதையே நான்கு வரி மின்னஞ்சலாக அனுப்பிவிட வேண்டும். பிற்பாடு வேறொருவர் உங்கள் கோப்பைப் பார்க்கும்போது, நீங்கள் 16க்கு ஒப்புக்கொள்ளவில்லை என்பதற்கு அந்த மின்னஞ்சல்தான் சான்று. மறுபரிசீலனைக்கு இடமே இல்லை என்று அவர்கள் தெளிவாகச் சொல்லிவிட்டால், அதுவும் நல்ல செய்திதான். நான்கு சுற்றுக்குத் தயாராவதா வேண்டாமா என்பதை நீங்கள் விவரம் தெரிந்து முடிவு செய்யலாம்.

இரண்டாவது தவறுதான் எல்லாவற்றிலும் விலை அதிகமானது: 16 லட்சம் என்பதை 13.5 லட்சத்தோடு நேரடியாக ஒப்பிடுவது. இரண்டரை லட்சம் கூடுகிறதே, கேட்டது கிடைக்காவிட்டாலும் நஷ்டமில்லையே என்று மனம் சொல்லும். இரண்டு தொகைகளும் எதனால் ஆனவை என்று பிரித்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

நம் நண்பரின் இப்போதைய நிறுவனத்தில் வேரியபிள், அதாவது செயல்திறனைப் பொறுத்துக் கூடிக் குறையும் பகுதி, கிடையாது, கிராஜுவிட்டியைச் சி.டி.சி.க்குள் கணக்கிடுவதில்லை, பி.எஃப்.புக்கான ஊதியத்தைச் சட்ட உச்சவரம்பான மாதம் 15,000 ரூபாயோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஆகவே நிறுவனத்தின் பி.எஃப். பங்கு மாதம் 1,800, ஆண்டுக்கு 21,600 ரூபாய். அதைக் கழித்தால் மொத்தச் சம்பளம் ஆண்டுக்கு 13,28,400, மாதம் 1,10,700. அவருடைய சொந்த பி.எஃப். பங்கு 1,800 போக, வரிக்கு முன் கையில் வருவது 1,08,900 ரூபாய்.

புதிய நிறுவனத்தின் 16 லட்சத்தில் பத்து விழுக்காடு, அதாவது 1,60,000 ரூபாய், வேரியபிள். அடிப்படைச் சம்பளம் 8 லட்சம். அதில் 12 விழுக்காடு நிறுவனத்தின் பி.எஃப். பங்கு, 96,000 ரூபாய். கிராஜுவிட்டி என்று அடிப்படைச் சம்பளத்தில் 4.81 விழுக்காடு, 38,480 ரூபாய், சி.டி.சி.க்குள்ளேயே சேர்க்கப்பட்டிருக்கிறது. இவற்றைக் கழித்தால் மிஞ்சுவது 13,05,520. மாதம் சுமார் 1,08,793. அவருடைய பி.எஃப். பங்காக 8,000 ரூபாய் பிடித்தம் போனால், வரிக்கு முன் கையில் வருவது 1,00,793 ரூபாய். இரண்டரை லட்சம் உயர்வு என்று தோன்றிய வேலையில், மாதந்தோறும் கைக்கு வருவது எட்டாயிரம் ரூபாய்க்கு மேல் குறைகிறது.

பி.எஃப்.பில் சேர்வது அவருடைய சேமிப்புதான், அதை இழப்பு என்று சொல்லக்கூடாது. கிராஜுவிட்டி அப்படியல்ல, நிரந்தரப் பணியாளருக்குப் பொதுவாக ஐந்தாண்டு தொடர்பணிக்குப் பிறகுதான் அது கிடைக்கும். மூன்றாண்டில் வேலை மாறும் வழக்கமுள்ளவர் அந்த 38,480 ரூபாயைத் தம் சம்பளமாக எண்ணக்கூடாது. வேரியபிளைப் பற்றிக் கட்டாயம் கேட்க வேண்டியவை இரண்டு: கடந்த ஆண்டுகளில் இதே கிரேடில் உள்ளவர்களுக்கு எத்தனை விழுக்காடு வழங்கப்பட்டது, அது மாதந்தோறும் வருகிறதா அல்லது ஆண்டுக்கொரு முறையா. இதற்கு நேரடிப் பதில் கிடைக்காவிட்டால், வேரியபிள் முழுதாக வரும் என்ற நம்பிக்கையில் வீட்டு வாடகையையும் கடன் தவணையையும் திட்டமிடுவது ஆபத்து.

இந்தக் கணக்கைப் போட்டபின் பேச்சின் இடமே மாறுகிறது. "இன்னும் ஒரு லட்சம் கூட்டித் தாருங்கள்" என்று கேட்டால், பட்ஜெட் இல்லை என்ற பழைய பதில்தான் திரும்ப வரும். "16 லட்சத்தை முழுவதும் ஃபிக்ஸடாகத் தர முடியுமா?" என்று கேட்டால், ஒப்புதல் வாங்கிய மொத்தத் தொகை மாறாததால் மேலாளருக்கும் அது எளிது. மேலே சொன்ன கணக்கில் வேரியபிள் 1,60,000 ஃபிக்ஸடுக்கு மாறி, அடிப்படைச் சம்பளம் அப்படியே இருந்தால், கைக்கு வருவது மாதம் சுமார் 1,14,127 ஆகும். இப்போது வாங்குவதைவிட ஐயாயிரத்துச் சொச்சம் அதிகம். எல்லா நிறுவனங்களும் இதற்கு இணங்குவதில்லை. சில இடங்களில் வேரியபிள் விகிதம் கிரேடோடு பிணைந்திருக்கும். ஆனாலும் கேட்கத் தகுந்த முதல் கேள்வி இதுதான் என்பது என் உறுதியான கருத்து.

ஃபிக்ஸடில் இடமில்லை என்றால் ஜாயினிங் போனஸைக் கொண்டுவந்து ஈடுகட்டப் பார்ப்பார்கள். இங்கே செய்யும் தவறு, ஒரு லட்சம் ஜாயினிங் போனஸைச் சம்பளத்தில் ஒரு லட்சமாக எண்ணுவது. அது ஒரே ஒரு முறை வருவது. அடுத்த ஆண்டின் உயர்வு 16 லட்சத்தின் மேல்தான் கணக்கிடப்படும். குறிப்பிட்ட காலத்துக்குள், பெரும்பாலும் ஓராண்டுக்குள், விலகினால் அதைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையும் இருக்கும். வரி பிடித்தம் போகக் கைக்கு வந்த தொகையைத் திருப்ப வேண்டுமா, வரிக்கு முந்தைய முழுத் தொகையையா, நிறுவனமே வேலையை விட்டு நீக்கினாலும் திருப்ப வேண்டுமா என்பதையெல்லாம் கையெழுத்துக்கு முன் படித்துப் பார்க்க வேண்டும்.

கேட்பதற்கான காரணத்தைச் சொல்வதிலும் ஒரு பிழை பரவலாக இருக்கிறது. வீட்டுக்கடன் தவணை, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், சென்னை வாடகை என்று செலவுகளை அடுக்குகிறார்கள். அவை உண்மைதான், ஆனால் மேலாளர் தமக்கு மேலே உள்ளவரிடம் ஒப்புதல் கேட்கும்போது அவற்றை எழுத முடியாது. "பணம் செலுத்தும் மென்பொருள் அமைப்பை இரண்டு ஆண்டு தனியாகப் பராமரித்திருக்கிறார், நம் அணியில் இப்போது அந்த அனுபவம் உள்ளவர் இல்லை" என்பதை எழுத முடியும். அவர் எழுதக்கூடிய அந்த வரியை நீங்களே தயாரித்துக் கொடுக்க வேண்டும்.

கையில் இல்லாத வேறொரு ஆஃபரை இருப்பதாகச் சொல்வதும், இப்போதைய சம்பளத்தைக் கூட்டிச் சொல்வதும் வேண்டவே வேண்டாம். பே ஸ்லிப், படிவம் 16 ஆகியவற்றைக் கேட்பார்கள். பொய் தெரிந்தால் கொடுத்த ஆஃபரையே திரும்பப் பெறும் நிறுவனங்கள் உண்டு.

"இப்போது 16க்குச் சேருங்கள், ஆறு மாதத்தில் திருத்தித் தருகிறோம்" என்ற வாய்மொழி உறுதியை நம்புவது அடுத்த தவறு. சொன்னவர் உண்மையான எண்ணத்தோடு சொல்லியிருக்கலாம். ஆனால் ஆறு மாதத்தில் அவரே வேறு நிறுவனத்துக்குப் போயிருக்கலாம், அல்லது அக்டோபருக்குப் பின் சேர்ந்தவர்களுக்கு அந்த ஆண்டு உயர்வு கிடையாது என்ற விதி இருக்கலாம். எந்த மாதத்தில் மறுபரிசீலனை, எதன் அடிப்படையில், சேரும் தேதியால் தகுதி தள்ளிப்போகுமா என்ற மூன்றும் ஆஃபர் கடிதத்திலோ மின்னஞ்சலிலோ இருந்தால் மட்டுமே அதற்கு மதிப்புக் கொடுக்கலாம். எழுதித் தர இயலாது என்றால், வருவது 16 மட்டுமே என்று வைத்துக்கொண்டு முடிவெடுங்கள்.

எல்லாம் கேட்டபின்னும் தொகை போதவில்லை என்றால், காத்திருக்க வைக்காமல் அன்றோ மறுநாளோ மறுத்துவிட வேண்டும். "மாத வரவை ஒப்பிட்டுப் பார்த்தேன், இந்த அமைப்பில் என்னால் சேர இயலாது, ஃபிக்ஸட் 16 லட்சத்துக்கு வாய்ப்பு வந்தால் மீண்டும் பேச விரும்புகிறேன்" என்று தொகையைக் குறிப்பிட்டே எழுதுவது நல்லது. வெறும் "விருப்பமில்லை" என்று எழுதினால், பிறகு பட்ஜெட் திருத்தப்பட்டாலும் உங்களை அழைக்க அவர்களுக்குக் காரணம் இருக்காது. ஒப்புக்கொள்வதென்றால், ஆஃபர் கடிதத்தின் சம்பள இணைப்பில் ஃபிக்ஸட், வேரியபிள், பி.எஃப்., கிராஜுவிட்டி ஆகிய நான்கு வரிகளும் பேசியபடியே இருக்கின்றனவா என்று பார்த்து, மாறியிருந்தால் திருத்திய கடிதம் கைக்கு வரும்வரை இப்போதைய வேலையில் ராஜினாமாவை அனுப்பக்கூடாது.