கண்ணில் மிதக்கும் புள்ளிகள்: எதை விட்டுவிடலாம், எதற்கு அன்றே கண் மருத்துவரிடம் போக வேண்டும்

கண்ணுக்குள் பூச்சி பறப்பதுபோல் இருக்கிறது என்று சொல்பவர்கள் பெரும்பாலும் அதன் உருவத்தைத்தான் விவரிக்கிறார்கள். நூல்போல், வளையம்போல், கொசுபோல், சிலந்தி வலைபோல் என்று அடுக்குவார்கள். ஆபத்தைக் கணிக்க உருவம் அவ்வளவாக உதவாது. எப்போது தொடங்கியது, ஒன்றா பலவா, எந்தக் கண்ணில், கூடவே ஒளிக்கீற்றோ நிழலோ வந்ததா என்ற நான்கு கேள்விகளுக்கான பதில்தான் உதவும். முதல் தவறே, இந்த நான்கையும் கவனிக்காமல் உருவத்தை மட்டும் உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பது.

நம் கண்ணின் உட்பகுதியைப் பெரும்பாலும் நிரப்பியிருப்பது விட்ரியஸ் என்னும் தெளிவான கூழ். வயதாக ஆக அந்தக் கூழ் ஆங்காங்கே நீர்த்துப்போகிறது. அதிலுள்ள நுண்ணிய இழைகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரள்கின்றன. வெளிச்சம் உள்ளே வரும்போது அந்தத் திரள்களின் நிழல் விழித்திரையில் விழுகிறது. நாம் காண்பது அந்த நிழலைத்தான். அதனால்தான் வெள்ளைச் சுவரையோ வானத்தையோ பார்க்கும்போது அது துலக்கமாகத் தெரிகிறது. கண்ணை அசைத்தால் சற்றுப் பின்தங்கி நகர்கிறது. பிடிக்கப் போனால் நழுவுகிறது. பல மாதங்களாகவோ ஆண்டுகளாகவோ இருந்துவரும், எண்ணிக்கை மாறாத, ஒளிக்கீற்று எதுவும் கூட வராத இத்தகைய ஓரிரு மிதவைகள் பெரும்பாலும் தீங்கற்றவை. வழக்கமான கண் பரிசோதனைக்குப் போகும்போது சொன்னால் போதும்.

சிக்கல் வேறோரிடத்தில் தொடங்குகிறது. பெரும்பாலும் 50 வயதுக்குமேல், நீர்த்துப்போன கூழ் விழித்திரையிலிருந்து பிரிந்து முன்னோக்கி வருகிறது. கிட்டப்பார்வை அதிகம் உள்ளவர்களுக்கும் கண்புரை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும் இது இன்னும் முன்னதாகவே நடக்கலாம். பிரிவது இயல்பான நிகழ்வு, பலருக்கு எந்தத் தீங்கும் செய்யாது. ஆனால் கூழ் சில இடங்களில் விழித்திரையோடு அழுத்தமாக ஒட்டியிருக்கும். பிரியும்போது அந்த இடத்தை இழுத்துக் கிழித்துவிடலாம். அந்தக் கிழிசல் வழியாக நீர்த்த கூழ் அடியில் புகுந்தால், விழித்திரை அடிப்படலத்திலிருந்து விலகக்கூடும். திடீரென்று புதிய மிதவைகளோ ஒளிக்கீற்றுகளோ தோன்றி மருத்துவரிடம் வருபவர்களில், கூழ் பிரிந்திருப்பவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால், ஏறத்தாழ ஏழில் ஒருவருக்கு விழித்திரையில் கிழிசல் காணப்படுகிறது. மற்ற ஆறு பேருக்கும் அதே அறிகுறிகள்தான் இருக்கும். உணர்வை வைத்து இந்த ஏழு பேரில் தான் யார் என்று ஒருவரால் சொல்ல முடியாது என்பதால்தான் கண்மணியை விரித்துப் பார்க்கும் பரிசோதனை தேவைப்படுகிறது.

ஒரு கற்பனை நோயாளியை எடுத்துக்கொள்வோம். வயது 57. இளமையிலிருந்தே மைனஸ் 5 கண்ணாடி. வலக் கண்ணில் ஒரு மெல்லிய நூல்போன்ற மிதவை நெடுங்காலமாக உண்டு. ஒரு திங்கட்கிழமை இரவு இருட்டறையில் தலையைத் திருப்பும்போது, வலப்பக்க ஓரத்தில் வில் வளைவாக ஓர் ஒளிக்கீற்று மின்னி மறைகிறது. மறுநாள் காலை பழைய நூலோடு பெரிய வளையமொன்றும், மிளகுத்தூள் தூவியதுபோல் ஏராளமான கரும்புள்ளிகளும் சேர்ந்திருக்கின்றன. அவர் நினைக்கிறார்: எனக்குத்தான் இது ஏற்கெனவே இருந்ததே.

இரண்டாவது தவறு இதுதான். நெடுநாள் மிதவையோடு வாழ்பவர்களே புதிய மிதவையை எளிதாக ஒதுக்கிவிடுகிறார்கள். அவர் கவனிக்கத் தவறியவை இரண்டு. வளையம் என்பது பல நேரங்களில் கூழ் பார்வை நரம்பின் முகப்பிலிருந்து பிரிந்து வந்ததன் அடையாளம். அது தனியாக வந்தால் அவ்வளவு கவலைக்குரியதல்ல. புள்ளிகளின் கூட்டம்தான் எச்சரிக்கை. கிழியும்போது ஒரு சிறு இரத்தக் குழாய் அறுந்து இரத்தம் கூழில் கலந்தாலும், விழித்திரைக்கு அடியிலுள்ள நிறமிச் செல்கள் கிழிசல் வழியாக வெளியே சிதறினாலும் நோயாளிக்கு அப்படித்தான் தெரியும். பிளவு விளக்குக் கருவியில் பார்க்கும் மருத்துவர், விழிவில்லைக்குப் பின்னால் பழுப்புத் துகள்கள் மிதக்கின்றனவா என்று தனியாகத் தேடுவார். அவை தென்பட்டால், கிழிசலைக் கண்டுபிடிக்கும் வரை பரிசோதனையை நிறுத்த மாட்டார்.

நம் நோயாளி செவ்வாயன்று செய்தித்தாள் படித்துப் பார்க்கிறார். எழுத்துகள் தெளிவாகத் தெரிகின்றன. வலியும் இல்லை, கண் சிவக்கவும் இல்லை. ஆகவே ஒன்றும் இல்லை என்று முடிவுசெய்கிறார். எனக்கு இதுதான் மிகவும் அபாயகரமான தவறாகப் படுகிறது, ஏனென்றால் இது பொறுப்பான சோதனைபோல் தோற்றமளிக்கிறது. விழித்திரையில் வலி உணரும் நரம்புகள் இல்லை. அது கிழிந்தாலும் விலகினாலும் வலிக்காது. படிப்பதற்குப் பயன்படுவது மாக்குலா என்னும் நடுப்பகுதி மட்டுமே. கிழிசல்களோ பெரும்பாலும் ஓரத்தில் உண்டாகின்றன. ஓரத்திலிருந்து நடுவுக்கு விலகல் வந்து சேரும் வரை கண்ணாடிக்கடைப் பலகையின் கடைசி வரியைக்கூட ஒருவரால் படித்துவிட முடியும். பார்வை நன்றாக இருக்கும்போதே போனால்தான் அதைக் காப்பாற்ற வாய்ப்பு அதிகம். வறண்ட கண்ணுக்கான சொட்டு மருந்தை வாங்கிப் போட்டுக்கொள்வதும் இங்கே காலத்தைக் கடத்துவதுதான். அது கண்ணின் மேற்பரப்பைத்தான் நனைக்கிறது.

இரண்டு கண்களையும் திறந்தபடியே பார்ப்பது இன்னொரு தவறு. ஒரு கண்ணில் இல்லாத காட்சியை மறு கண் நிரப்பிவிடும். ஒரு கண்ணை உள்ளங்கையால் அழுத்தாமல் மூடிக்கொண்டு, சுவரில் ஒரு புள்ளியை நிலையாகப் பார்த்தபடி, மேலும் கீழும் இடமும் வலமும் விரல்களை அசைத்துப் பார்க்க வேண்டும். பிறகு அடுத்த கண். எங்காவது விரல் மறைந்தால், அதுவே அவசரம். ஆனால் நான்கு பக்கமும் தெரிந்துவிட்டால் கிழிசல் இல்லை என்று பொருளல்ல. கிழிசல் மட்டும் இருக்கும்போது பார்வைப்புலத்தில் பெரும்பாலும் நிழலே தெரியாது. விலகல் தொடங்கிய பிறகுதான் தெரியும்.

ஒரு கண்ணை மூடிப் பார்ப்பதால் இன்னொரு பயனும் உண்டு. ஒற்றைத் தலைவலியோடு தொடர்புடைய ஒளிக்காட்சிகள் பொதுவாக எந்தக் கண்ணை மூடினாலும் தெரியும்; கோணல்மாணலான விளிம்போடு மெல்லப் பரவி, பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். விழித்திரை இழுபடும்போது வருவது ஒரு கண்ணில் மட்டும், நொடிக்கும் குறைவாக, கண்ணை அசைக்கும்போது, இருட்டில் இன்னும் தெளிவாக.

வியாழக்கிழமை புள்ளிகள் குறைந்துவிட்டன. அவருக்கு நிம்மதி. இரத்தத் துளிகள் கண்ணின் அடிப்பக்கம் படிந்து பார்வைப் பாதையிலிருந்து ஒதுங்கினாலும் புள்ளிகள் குறையும். மூளையும் அவற்றைப் புறக்கணிக்கக் கற்றுக்கொள்ளும். கூழ் இழுப்பதை நிறுத்திவிட்டால் ஒளிக்கீற்றும் நின்றுவிடும். ஆனால் கிழிசல் அங்கேயே திறந்திருக்கும். அறிகுறி தணிந்தது, காயம் மூடியது என்பதற்குச் சான்று ஆகாது.

சனிக்கிழமை காலை வலக் கண்ணில் கீழே, மூக்குப் பக்கத்தில் ஒரு சாம்பல் நிழல். மூக்கின் விளிம்புதான் தெரிகிறது என்றோ கண்ணாடிச் சட்டம் மறைக்கிறது என்றோ எண்ணிக்கொள்ள எல்லா வாய்ப்பும் உண்டு. உண்மையில் இந்த இடம் தற்செயலானதல்ல. விழித்திரையில் பிம்பம் தலைகீழாக விழுகிறது. மேல்புற வெளியோரத்தில் விலகினால் நிழல் கீழ்ப்புற உள்ளோரத்தில்தான் தெரியும். மேல்புறக் கிழிசல்களில் புவியீர்ப்பும் சேர்ந்து திரவத்தைக் கீழே இறக்குவதால் விலகல் விரைவாகப் பரவக்கூடும். நிழல் தெரிந்துவிட்டால் நாளை வரை காத்திருக்கக் கூடாது. மாக்குலா விலகுவதற்குமுன் அறுவை சிகிச்சை நடந்தால் கூர்மையான பார்வை மீள்வதற்கான வாய்ப்பு, விலகிய பின் நடப்பதைவிட மிக அதிகம்.

அவர் செவ்வாயன்றே போயிருந்தால் என்ன நடந்திருக்கும்? கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்தைப் போட்டு 20 முதல் 30 நிமிடம் உட்கார வைத்திருப்பார்கள். பிறகு மருத்துவர் தலையில் மாட்டிய விளக்குக் கருவியாலும் கையில் பிடித்த வில்லையாலும், இமையின் மேலிருந்து சிறு கருவியால் மெல்ல அழுத்தியபடி, விழித்திரையின் கடைசி விளிம்பு வரை பார்த்திருப்பார். மேல் வெளியோரத்தில் ஒரு குதிரைலாடக் கிழிசலைக் கண்டிருப்பார். அறிகுறிகளோடு வரும் இத்தகைய கிழிசலைச் சிகிச்சையின்றி விட்டால், ஏறத்தாழப் பாதிப் பேருக்கு விழித்திரை விலகிவிடும். அதனால் அதைச் சுற்றிச் சில வரிசைகளில் லேசர் சுட்டு, விழித்திரையை அடிப்படலத்தோடு ஒட்ட வைத்திருப்பார். பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம், ஒட்டு உறுதியாக ஓரிரு வாரம் ஆகும். சனிக்கிழமை அவருக்குத் தேவைப்பட்டதோ அறுவை சிகிச்சை.

இந்தப் பரிசோதனையைப் பற்றியே சில தவறுகள் உண்டு. சொட்டு மருந்து போட்டால் சில மணி நேரம் கூசும், மங்கும் என்பதால் வேண்டாம் என்று மறுப்பவர்கள் உண்டு. விரிக்காத கண்மணி வழியாக எடுக்கும் படம் பெரும்பாலும் நடுப்பகுதியையும் அதன் அண்மையையும்தான் காட்டும். கிழிசல் வசிக்கும் ஓரத்தை நம்பிக்கையாகக் காட்டாது. வண்டி ஓட்டிக்கொண்டு போகாமல் துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லுங்கள், வெயில் கண்ணாடியும் எடுத்துச் செல்லுங்கள். நீரிழிவு உள்ளவர்களுக்குப் புள்ளிக்கூட்டம் விழித்திரைப் பாதிப்பால் வரும் இரத்தக்கசிவாகவும் இருக்கலாம். கண் சிவந்து, வலித்து, வெளிச்சத்தில் கூசினால் உட்புற அழற்சியாகவும் இருக்கலாம். அவையும் அவசரமே.

முதல் பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று சொன்னதும் விஷயத்தை முடித்துவிடுவதும் தவறு. கூழ் முழுவதும் பிரிந்து முடியும் முன்பே பரிசோதித்திருக்கலாம். சிலருக்குக் கிழிசல் பின்வரும் வாரங்களில் உண்டாகிறது. அதனால்தான் பல மருத்துவர்கள் 4 முதல் 6 வாரங்களில் மறுபடி வரச் சொல்கிறார்கள். இடையில் புள்ளிகள் கூடினாலோ ஒளிக்கீற்று மீண்டும் தொடங்கினாலோ நிழல் தெரிந்தாலோ, அந்தத் தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம். தொலைபேசியில் நேரம் கேட்கும்போது 'கண்ணில் ஏதோ தெரிகிறது' என்று சொன்னால் வழக்கமான வரிசையில் அடுத்த மாதம் கிடைக்கலாம். 'வலக் கண்ணில் மட்டும் நேற்று முதல் புதிய புள்ளிகள் பல, ஓரத்தில் ஒளிக்கீற்று, நிழல் இல்லை, எனக்கு மைனஸ் 5' என்று சொன்னால், எதிர்முனையில் கேட்பவருக்கு இன்றே பார்க்க வேண்டும் என்பது புரிந்துவிடும்.